அஸ்பார்டேம், ஸ்டீவியா: இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்திய அனுபவம்

காபியில் சர்க்கரையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. முதலில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு மாத்திரை, 2023-இல் அதைப் பற்றிய புற்றுநோய்ச் செய்தி வந்ததும் ஸ்டீவியா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் தூள், இப்போது இரண்டும்.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆதாரம் குறைவாக இருக்கும்போது வைக்கிற பிரிவு அது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அது சொல்லாது. அளவைப் பார்க்கும் நிபுணர் குழு அதே நாளில், உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ எடைக்கு 2,400 மில்லிகிராம். என் மாத்திரை ஒன்றில் 18 மில்லிகிராம். வரம்பைத் தொட 130-க்கு மேல் விழுங்க வேண்டும். அஸ்பார்டேமில் உள்ள பினைல்அலனினை உடலால் சரியாக உடைக்க முடியாத, பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் தொடவே கூடாது.

'இயற்கை' ஸ்டீவியாவுக்கும் வரம்பு உண்டு: நாளொன்றுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால், அதாவது அதன் இனிப்புப் பொருட்களின் மூலக்கூறு மையப்பகுதி. 60 கிலோ ஆளுக்கு இது, ஸ்டீவியாவின் முக்கிய இனிப்புப் பொருளான ரெபாடியோசைடு ஏ கணக்கில் சுமார் 720 மில்லிகிராம். சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பு என்று வைத்தால் ஏறக்குறைய 145 கிராம் சர்க்கரையின் இனிப்பு. அஸ்பார்டேமில் அதே கணக்கு 480 கிராம் வருகிறது. யாரும் இவ்வளவு எடுக்கப்போவதில்லை, சரி. ஆனால் இலையிலிருந்து வந்ததால் வரம்பு தாராளம் என்ற நினைப்பு எடுபடாது. தூள் வாங்கும்போது பொருட்பட்டியலையும் பாருங்கள். பல பொட்டலங்களில் பெரும்பகுதி எரித்ரிடால், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்புப் பொருட்கள்தான்.

பசி விஷயத்தில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தெரிந்தது வேறு. காலையில் எதுவும் சாப்பிடாமல் இனிப்பான் போட்ட காபி மட்டும் குடித்த நாட்களில் மதியம் கை தானாகவே கூடுதலாகப் போட்டுக்கொண்டது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அப்படி இல்லை.

ஆய்வுகளும் இதே மாதிரி இரண்டாகப் பிரிகின்றன. 2010-இல் வந்த ஆய்வில் இனிப்பானைச் சிற்றுணவோடு கொடுத்தார்கள். அடுத்த வேளையில் யாரும் ஈடுகட்டிச் சாப்பிடவில்லை. 2017-இல் சிங்கப்பூரில் 30 ஆண்களுக்குப் பானமாக மட்டும் கொடுத்தார்கள். சர்க்கரையைத் தவிர்த்து மிச்சமான கலோரி அத்தனையும் அடுத்த வேளைகளில் திரும்பிவிட்டது, அஸ்பார்டேமானாலும் ஸ்டீவியாவானாலும். இரண்டுமே ஓரிரு வேளைகளைப் பார்த்த சிறிய ஆய்வுகள், அவ்வளவுதான். எடை குறைக்க இனிப்பான்களை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் பரிந்துரைத்தது. நீரிழிவு உள்ளவர்கள் அந்தப் பரிந்துரையில் வரமாட்டார்கள்.

சுவையில் ஸ்டீவியாவின் கசப்பு கடைசி வாய் வரை விடாது, பால் சேர்த்தால் கொஞ்சம் மறையும். அஸ்பார்டேம் சூட்டில் நீடித்துக் கொதித்தால் இனிப்பை இழக்கும். அதனால் அடுப்பில் வைக்கும் எதற்கும் ஸ்டீவியா, கோப்பைக்கு மாத்திரை.