எக்ஸெனடைடு பேனா ஊசி: மாதக்கணக்கில் போடும்போது தெரியவரும் விஷயங்கள்

எக்ஸெனடைடு, டைப் 2 சர்க்கரை நோய்க்கு நாளுக்கு இரண்டு வேளை போடும் ஊசி. இன்றைய வாரம் ஒருமுறை ஊசிகளுக்கெல்லாம் மூத்தது. இதில் கிடைக்கும் பலனும் வரும் தொந்தரவும் பெரும்பாலும் ஊசி போடும் நேரத்தைப் பொறுத்தே அமைகின்றன. சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். மறந்து சாப்பிட்டுவிட்டால் அந்த வேளையை விட்டுவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு போடவே கூடாது. காரணம் இரைப்பையில் இருக்கிறது.

ஒரே அளவு குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதைவிட வாய் வழியாகக் கொடுத்தால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கும். உணவு குடலைத் தொட்டதும் குடல் சுவர் கணையத்துக்கு ஹார்மோன் மூலம் தகவல் அனுப்புவதே இதற்குக் காரணம். இந்த ஹார்மோன்கள்தான் இன்க்ரெடின்கள். சிறுகுடலின் மேல்பகுதியிலிருந்து ஜிஐபி வருகிறது. கீழ்ப்பகுதியில் அதிகமாக உள்ள செல்களிலிருந்து ஜிஎல்பி-1 வருகிறது. ஜிஎல்பி-1 கணையத்தின் பீட்டா செல்லில் போய் உட்கார்ந்தாலும், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மட்டுமே இன்சுலினைக் கூட்டும். சர்க்கரை இறங்க இறங்க அந்தத் தூண்டுதலும் அடங்கிவிடும். கல்லீரலைச் சர்க்கரை வெளியிடச் சொல்லும் குளுக்ககானையும் அது குறைக்கிறது.

இதோடு, வேகஸ் நரம்பின் வழியாக இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்தி, கீழ்ப்பகுதியின் அரைக்கும் அசைவைக் குறைத்து, குடலுக்குத் திறக்கும் வாயிலை இறுக்கிப் பிடிக்கிறது. உணவு சிறுகச் சிறுகத்தான் குடலுக்குள் இறங்கும். சாப்பிட்டபின் சர்க்கரை எகிறாமல் இருப்பதில் இந்தத் தாமதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உணவு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியபின் போடும் ஊசியில் அந்தப் பங்கை இழந்துவிடுகிறோம்.

நம் உடம்பு சுரக்கும் ஜிஎல்பி-1 மருந்தாக உதவாததற்குக் காரணம் அதன் ஆயுள். டிபிபி-4 என்ற நொதி அதன் நுனியிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடுவதால், ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் பாதி செயலிழந்துவிடும். 1992-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப்பல்லியின் உமிழ்நீரில் எக்ஸெண்டின்-4 என்ற பெப்டைடைக் கண்டறிந்தார். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் வாழும் இந்தப் பல்லி வருடத்தில் சில முறைதான் இரை எடுக்கும். 39 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெப்டைடு பாதிக்குச் சற்று மேல் நம் ஜிஎல்பி-1-ஐ ஒத்திருக்கிறது. ஜிஎல்பி-1 போய் உட்காரும் அதே ஏற்பியில் வேலை செய்கிறது. இரண்டாவது இடத்தில் அலனினுக்குப் பதில் கிளைசின் இருப்பதால் நொதியால் வெட்ட முடிவதில்லை. அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்ததே எக்ஸெனடைடு. 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடம்பில் பாதியாகக் குறைய இதற்கு 2.4 மணி நேரம் ஆகும்.

முதல் மாதம் வேளைக்கு 5 மைக்ரோகிராம். குமட்டல் தாங்கும்படி இருந்தால் பிறகு 10 மைக்ரோகிராம். ஒரு பேனாவில் 60 வேளைக்கான மருந்து, அதாவது 30 நாளுக்கு. மீதி இருந்தாலும் 30 நாளில் எறிந்துவிட வேண்டும். திறக்காத பேனா ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிவரை வெளியே வைக்கலாம். நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும் என்பதால், திறந்ததையும் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் அது வீண். ஊசிமுனையைப் பேனாவிலேயே மாட்டி வைத்தால் மருந்து கசியும், உள்ளே காற்றுக்குமிழி சேரும், அளவு குறைந்துவிடும். காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் முதலில் இதைப் பாருங்கள். பொத்தானை முழுதாக அழுத்தி, மெதுவாக ஐந்து எண்ணியபின் ஊசியை எடுங்கள்.

குமட்டல் முதல் சில வாரங்களில்தான் அதிகம். இரைப்பையில் முந்தைய வேளைச் சாப்பாடு மிச்சம் இருக்கும்போது வழக்கமான அளவில் தட்டை நிரப்புவதும், எண்ணெயில் பொரித்ததைச் சேர்ப்பதும்தான் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுகின்றன. வயிறு நிறைந்த உணர்வு முதலில் தட்டும்போதே நிறுத்திவிட்டால் பாதித் தொந்தரவு போய்விடும்.

இரைப்பை எவ்வளவு தாமதிக்கிறது என்பதைப் பாராசிட்டமால் சோதனை தெளிவாகக் காட்டுகிறது. திரவமாகக் கொடுத்த 1,000 மி.கி. பாராசிட்டமால், ஊசி போடாதபோது 0.6 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. எக்ஸெனடைடு 10 மைக்ரோகிராம் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது அந்த உச்சத்துக்கு 4.2 மணி நேரம் ஆனது. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்தபோது மாற்றமே இல்லை. ஆன்டிபயாடிக், கருத்தடை மாத்திரை போன்று ரத்தத்தில் குறிப்பிட்ட அளவை எட்ட வேண்டியவற்றை ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே போடச் சொல்வது இதனால்தான்.

அடுத்து தாழ்சர்க்கரை. மெட்ஃபார்மினோடு மட்டும் போட்டால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் கிளிமெபிரைடு 2 மி.கி.யும் எடுக்கும் ஒருவரை வைத்துப் பார்ப்போம். காலை 7.30-க்கு ஊசி, 8 மணிக்குச் சாப்பாடு. கிளிமெபிரைடு சர்க்கரை அளவைப் பார்க்காமலே இன்சுலினை வெளியே தள்ளும். உணவோ இரைப்பையிலேயே தங்கியிருக்கும். 11 மணி வாக்கில் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் குறைக்க வேண்டியது கிளிமெபிரைடை. மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். அந்த நேரத்தில் பிஸ்கட் வேண்டாம். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். திரவம் கெட்டியான உணவைவிட வேகமாக இரைப்பையைத் தாண்டும்.

நாள்பட்ட பயன்பாட்டில் இந்த மருந்தின் உண்மையான குறை மதியச் சாப்பாடு. காலையும் இரவும் ஊசி போடுபவருக்கு அந்த இரண்டு வேளையின் அளவு அழகாக இருக்கும். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 220 காட்டலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம், அந்த நேரத்தில் ரத்தத்தில் மருந்து குறைவு. விதி கேட்பது இரண்டு பெரிய வேளைகளையும் அவற்றுக்கிடையே குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியையும்தான். மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வயிறாரச் சாப்பிடுபவர் அந்த இரண்டையே தேர்ந்தெடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் பொருள் உண்டு.

வாராந்திர ஊசிகளுக்கு மாறும்போது கணக்கு மாறும். மருந்து இடைவிடாமல் ரத்தத்தில் இருந்தால், சில வாரங்களில் இரைப்பை அதற்குப் பழகி, தாமதம் பெருமளவு குறையும். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இறங்கும். எக்ஸெனடைடு ஒவ்வொரு வேளைக்கும் நடுவில் வடிந்துவிடுவதால் தாமதம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. வாராந்திர ஊசியான செமாகுளூடைடும் பல்லியிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அது மனித ஜிஎல்பி-1-ஐத் திருத்தி உருவாக்கியது. எக்ஸெண்டின்-4-இன் நேரடி வாரிசுகள் எக்ஸெனடைடும் லிக்ஸிசெனடைடும்.

வாந்தி நிற்காமல் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த ஊசியே கூடாது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும், விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் இந்த ஊசி போடுவதை மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பட்டினி நேரம் முடிந்தபின்னும் இரைப்பையில் உணவு இருக்கக்கூடும், அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.