15 பாயிண்ட் டேபிளா, 10 பாயிண்ட் டேபிளா?

பிஜிஎம்ஐ கஸ்டம் ரூமில் 16 ஸ்குவாட் வைத்து டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு டேபிளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். பழையதில் முதலிடத்துக்கு 15, அப்புறம் 12, 10, 8, 6, 4, 2, எட்டு முதல் பன்னிரண்டு வரை தலா 1. புதியது 10-6-5-4-3-2-1-1, ஒன்பதாம் இடத்திலிருந்து பூஜ்யம். இரண்டிலுமே ஒரு கில்லுக்கு 1 பாயிண்ட். நான் பழையதில் தொடங்கி புதியதுக்கு மாறினேன், இனி திரும்பப் போவதில்லை.

காரணம் ஒன்றுதான், மொத்தப் பாயிண்டில் இடத்தின் பங்கு எவ்வளவு என்பது. பழைய டேபிளில் ஒரு மேட்சுக்கு 62 பிளேஸ்மென்ட் பாயிண்ட், புதியதில் 32. ஆடுவது 64 பேர், கடைசியில் உயிரோடு மிஞ்சுகிறவர்களையும் சோனில் சாகிறவர்களையும் கழித்தால் கில் 60-ஐ ஒட்டி வரும். ஆக பழையதில் இடமும் கில்லும் சரிபாதி, புதியதில் இடம் மூன்றில் ஒரு பங்குதான்.

மூன்று மேட்ச் போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்குவாட் புல்லிலேயே படுத்துக் கிடந்து 2, 3, 2 என்று முடிக்கிறது, மொத்தமே 4 கில். இன்னொன்று சண்டை போட்டு 5, 9, 4-ஆம் இடம், 21 கில். பழைய கணக்கில் 38-க்கு 36, ஒளிந்தவர்கள் மேலே. புதிய கணக்கில் 21-க்கு 28. பழைய டேபிளில் நடத்தியபோது இரண்டாவது மேட்சிலேயே பாதி ரூம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், கடைசி வட்டத்துக்கு ஒன்பது பத்து ஸ்குவாட் வந்து சேரும், அதற்கு அப்புறம் யார் பிழைப்பது என்பதைச் சோன் விழும் இடம்தான் தீர்மானித்தது.

புதியதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. தெரிந்த நாலு பேர் வந்து செத்துக்கொடுத்தால் 4 பாயிண்ட், அது நான்காம் இடத்துக்குச் சமம். ரிசல்ட் ஸ்கிரீனில் செத்த நாலு பேரின் டேமேஜும் பூஜ்யமாக இருந்து, கில் எல்லாம் ஒரே ஸ்குவாடுக்குப் போயிருந்தால் சந்தேகப்படுங்கள். லேண்ட் ஆன உடனே துப்பாக்கி கிடைக்காமல் செத்தாலும் பூஜ்யம்தான் காட்டும், அதனால் ஸ்பெக்டேட்டரில் பார்த்த ஆள் ஒருவர் சொல்லாமல் பாயிண்டை வெட்டாதீர்கள்.

சமன் வந்தால் முதலில் சிக்கன் டின்னர் எண்ணிக்கை, பிறகு பிளேஸ்மென்ட் பாயிண்ட் என்று ரூம் ஐடி அனுப்பும் முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள்.

சோலோ நான் இரண்டு தடவைதான் நடத்தியிருக்கிறேன். 60 பேருக்கு மேல் ஆடும்போது எட்டு இடத்துக்கு மட்டும் பாயிண்ட் கொடுத்தது பத்தவில்லை என்று தோன்றியது, எத்தனை இடம் வரை நீட்டலாம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் ஆடவைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு மேட்சில் முடிகிற போட்டி என்றால் டேபிளே வேண்டாம், சிக்கன் டின்னர் அடித்தவருக்குப் பரிசைக் கொடுத்துவிடலாம்.