மழைக் கணக்கு: கண்ணால் திருத்துவதா, சூத்திரம் போடுவதா?

ஏற்காட்டு எஸ்டேட்களின் மழைக் கணக்கை ஒரே ஷீட்டில் சேர்த்தால், சிலது அங்குலத்தில் இருக்கும், சிலது மில்லிமீட்டரில். அப்படியே வரைபடம் போட்டால் 2.5 அங்குலம் கொட்டிய நாள் தூறல் நாளாகத் தெரியும். உண்மையில் அது 63.5 மி.மீ. இதைச் சரிசெய்ய இரண்டு வழி: ஃபில்டர் போட்டுக் கண்ணால் பார்த்துத் திருத்துவது, அல்லது சூத்திரம் போட்டு மாற்றுவது.

வேகம்
ஃபில்டர்: ஒரு மாதக் கணக்குக்குப் போதும்.
சூத்திரம்: வருடக் கணக்கு என்றால் இதுதான்.

அலகு
சூத்திரம்: அலகுக்குத் தனிப் பத்தி இருந்தால் நொடியில் மாற்றிவிடும்.

```
=IF(C2="inch",B2*25.4,B2)
```

ஆனால் யாராவது `inches` என்று அடித்திருந்தால் அந்த வரியை மி.மீ. என்றே விட்டுவிடும், எச்சரிக்கையும் வராது.
ஃபில்டர்: பட்டியலைத் திறந்ததுமே `inch`, `inches`, `in` எல்லாம் தனித்தனியாகக் கண்ணில் படும்.

தட்டச்சுப் பிழை
63.5 என்பது 635 ஆகியிருந்தால், பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தியதும் உச்சியில் வந்து நிற்கும். 6.35 ஆகியிருந்தால் இரண்டு வழியிலும் சிக்காது. பக்கத்து எஸ்டேட்டின் அதே நாள் அளவோடு ஒப்பிட்டு, சந்தேகம் வந்தால் மூல நோட்டைப் பார்க்க வேண்டும்.

தடம்
ஃபில்டர்: மேலெழுதினால் பழைய எண் போய்விடும்.
சூத்திரம்: பக்கத்துப் பத்தியில் போடுவதால் பழையது அப்படியே இருக்கும். எனக்கு இதுவே பெரிய காரணம்.

பல வருடக் கணக்கு என்றால், முதலில் ஃபில்டரில் அலகுப் பெயர்களை ஒன்றாக்குங்கள், அப்புறம் சூத்திரம்.