சின்ன முதலாளியை எங்கே உட்கார வைப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் மாஸ்டர் 25 வருடமாக முதலாளியுடன் இருப்பவர். மகன் எம்பிஏ முடித்து வருகிறான். அவனை எப்படி உள்ளே கொண்டுவருவது?

பலரும் சொல்லும் வழி, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவிலும் சில மாதம் நிற்கவைப்பது. தொழில் நன்றாகப் பிடிபடும். "துணி இன்னும் ரிலாக்ஸ் ஆகலைங்க தம்பி" என்று மாஸ்டர் கட்டிங்கை நிறுத்தினால், அது சோம்பேறித்தனம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இழுபட்ட பின்னல் துணியை அப்படியே வெட்டினால், பிறகு அளவு குறைந்து, பையர் சரக்கை வேண்டாம் என்று திருப்பிவிடுவார். ஆனால் இந்த வழியில் முடிவெடுக்கும் வேலை எதுவும் அவன் கையில் இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ரத்தன் டாடா 1962-ல் டாடா குழுமத்தில் சேர்ந்து ஜாம்ஷெட்பூர் ஆலைத் தளத்தில் வேலை செய்தவர். 1991-ல் குழுமத் தலைவரானபோது, டாடா ஸ்டீலின் ரூசி மோடி போன்ற மூத்தவர்கள் அதற்காக வழிவிட்டுவிடவில்லை.

அடுத்தது, வேறு கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வருவது. மகனுக்குத் தன்னம்பிக்கை வரும். அந்த உழைப்பை இங்கே யாரும் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல். "அங்கே இப்படித்தான் செய்வோம்" என்று நாலு தடவை சொன்னால் போதும், மாஸ்டர் வாயை மூடிக்கொள்வார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஒரு பையரின் ஆர்டரை, செலவைக் கணக்கிட்டு விலை சொல்லும் காஸ்டிங் முதல் ஷிப்மென்ட் வரை, லாப நஷ்டத்தோடு அவனிடம் விடுவது. 10,000 டி-ஷர்ட், ஒன்றுக்கு 200 கிராம் என்றால் துணி 2,000 கிலோ. வேஸ்டேஜுக்கு 5 சதவீதம், அதாவது 100 கிலோ போட்டுத்தான் விலை சொல்லியிருக்கிறான். கட்டிங்கில் 8 சதவீதம் போனால் கூடுதல் 60 கிலோ அவன் கணக்கில் விழும். அப்போதுதான், துணியில் வெட்ட வேண்டிய துண்டுகளை அடுக்கும் மார்க்கரை எப்படி மாற்றிப் போடலாம் என்று மாஸ்டரிடம் நிஜமாகவே கேட்பான். நஷ்டத்துக்கு மாஸ்டரைக் கைகாட்டுகிறானா, தன் காஸ்டிங் தப்பு என்கிறானா என்பதை மொத்த ஃப்ளோரும் கவனிக்கும். மரியாதை அங்கேதான் வருகிறது, அல்லது போகிறது.

இது கெடுவது பெரும்பாலும் அப்பாவால். மகன் சொன்னது பிடிக்காமல் மாஸ்டர் பெரியவரிடம் போவார்; அவரும் பழக்க தோஷத்தில், "சரி, நீங்க பழையபடியே செய்யுங்க" என்பார். அதற்கப்புறம் மகன் சொல்லை யார் மதிப்பார்கள்? "அந்த ஆர்டரைத் தம்பிகிட்டயே பேசிக்குங்க" என்று திருப்பி அனுப்பும் பிடிவாதம் அவருக்கு வேண்டும்.

ஆறு மாதம் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் மட்டும் நின்றுவிட்டு இதற்கு வந்தால் இன்னும் நல்லது. ஆனால் அப்பா திடமாக இருந்து, ஒரு ஆர்டர் நஷ்டத்தைத் தாங்க முடிகிற கம்பெனிக்குத்தான் இது பொருந்தும். அவர் திடீரென்று படுத்துவிட்டால், இரண்டு வருடத்துக்காவது புரொடக்‌ஷனை மூத்த மேனேஜரிடம் விட்டு, மகன் பேங்க்கையும் பையரையும் பார்த்துக்கொள்வதே நடக்கிற காரியம்.