கல்லா மூடும் நேரத்தில் என் பில்லிங் சாஃப்ட்வேர்

எங்கள் தெருமுனையில் மருந்துக் கடை போடப்போகும் நண்பர் ஒருவர், என் மளிகைக் கடையில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேரையே தானும் வாங்கலாமா என்று கேட்டார். பில் போடுவது, ஸ்டாக், ஜிஎஸ்டி இதிலெல்லாம் சில வருடங்களாக எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. என் மனத்தாங்கல் முழுக்க இரவு கடை மூடும்போது வரும் அந்த ஒரு திரையில்தான். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். `Day Close` திரையில் 500, 200, 100 என்று நோட்டு வாரியாகக் கட்டங்கள் இருக்கின்றன. எத்தனை தாள் என்று மட்டும் போட்டால் போதும், பெருக்கிக் கூட்டுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். கூட்டலில் வரும் தப்பு அதோடு ஒழிந்தது. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. பில் இல்லாமல் `No Sale` அழுத்திக் கல்லாப் பெட்டியைத் திறந்தால், யார் திறந்தது, எத்தனை மணிக்கு என்று பதிவாகிறது. பக்கத்துக் கடைக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்தது, பால்காரருக்குப் பணம் கொடுத்தது எல்லாம் இரவில் அந்த நேரத்தை வைத்தே ஞாபகத்துக்கு வந்துவிடும். ஆனால் பெட்டியைத் திறக்கும் சிக்னல் பிரிண்டர் வழியாகத்தான் போகிறது. சாவி போட்டுத் திறந்தால் எந்தப் பதிவும் இருக்காது. அதனால் சாவியைக் கல்லாவில் தொங்கவிடாமல் என்னிடமே வைத்திருக்கிறேன்.

இனி அந்தத் திரைக்கு வருகிறேன். எண்ண வேண்டிய கட்டங்களுக்கு நேர் மேலே `Expected` என்று, கல்லாவில் இருக்க வேண்டிய தொகையைக் கொட்டை எழுத்தில் காட்டும். எண்ணுகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். 40 ரூபாய் இடித்தால் சில்லறைக் கட்டத்தில் 40 ஏறிவிடும், கணக்கு நேராகிவிடும், உண்மை அங்கேயே தொலைந்துவிடும். பணியாளர் உரிமைகள் பக்கத்தில் இதை மறைக்க ஒரு டிக் இருக்கிறது, ஆனால் வாங்கும்போது அது போடாமலே வருகிறது. முதல் நாளே போட்டுவிடுங்கள். எண்ணி முடித்த பிறகுதான் இருக்க வேண்டிய தொகை தெரிய வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. வழியே இல்லாதது `Reason` பெட்டி. கல்லா இடித்தால் காரணம் கேட்கும். பட்டியலில் இருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: எண்ணும் தவறு, சில்லறைத் தவறு, திருட்டு, மற்றவை. எதையாவது அழுத்தினால் குறைந்த தொகை முழுவதும் `Cash Short` கணக்கில் போய் உட்காரும், நாள் மூடிவிடும். அதன் பிறகு அன்றைய பில்லைத் தொட முடியாது.

இது ஏன் தப்பு என்பதற்குப் போன மாதம் நடந்த ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். காலையில் கல்லாவில் வைத்தது 2,000. ரொக்க விற்பனை 18,460. பழைய பாக்கி ரொக்கமாக வந்தது 1,500. திரும்பி வந்த சரக்குக்குக் கொடுத்தது 320, செலவுச் சீட்டுகள் 450, மதியம் எடுத்து உள்ளே வைத்தது 10,000. ஆக இருக்க வேண்டியது 11,190. எண்ணினால் 10,440. 750 ரூபாய் இடித்தது. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு முகமே விழுந்துவிட்டது.

இப்படி இடிக்கும்போது நான் முதலில் பார்ப்பது யுபிஐ. எங்கள் சாஃப்ட்வேரில் பில் முடித்தால் தானாக நிற்பது ரொக்கம். வாடிக்கையாளர் ரொக்கம் என்பார், பையைத் துழாவுவார், அப்புறம் ஸ்கேன் செய்துவிடுவார். அதற்குள் அடுத்தவர் பில் ஆரம்பித்திருக்கும். அன்று சாஃப்ட்வேரில் யுபிஐ மொத்தம் 14,235. யுபிஐ செயலியில் 14,715. வித்தியாசம் 480. சரியாக 480க்கு ரொக்க பில் இருக்கிறதா என்று தேடினால் இரவு 7:42க்கு ஒன்று, செயலியில் 7:43க்கு அதே தொகை. ஒத்துப் பார்க்கும்போது வங்கிக்கு வந்த தொகையை எடுக்காதீர்கள், அது மறுநாள்கூட வரலாம். அன்றைய பரிவர்த்தனைப் பட்டியலைத்தான் எடுக்க வேண்டும்.

மிச்சம் 270. இது 9ஆல் வகுபடும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறி ஏறியிருந்தால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும் என்பது பழைய கணக்குப்பிள்ளைகள் கைவசம் வைத்திருந்த வழி. செலவுச் சீட்டுகளைப் புரட்டினோம். சுமைக்கூலிச் சீட்டில் 520, சாஃப்ட்வேரில் 250. முடிந்தது. ஆனால் இதை முழுக்க நம்பிவிடக் கூடாது. 20 ரூபாய்த் தாள் என்று நினைத்து 200 கொடுத்துவிட்டாலும் இடிப்பது 180, அதுவும் 9ஆல் வகுபடும். எங்கே தேடலாம் என்று மட்டும்தான் அது காட்டும். சீட்டோ பில்லோ கையில் கிடைத்தால்தான் காரணம்.

அன்றைய கணக்கை மூடுவதற்கு முன்பே இதெல்லாம் தெரிந்ததால், அந்த பில்லை யுபிஐக்கு மாற்றினோம், செலவை 520 என்று திருத்தினோம். இருக்க வேண்டிய தொகை 11,190இலிருந்து 10,710 ஆகி, பிறகு 10,440க்கு வந்து நின்றது. ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை. அவசரத்தில் `Day Close` அழுத்தியிருந்தால்? 750ம் "சில்லறைத் தவறு" என்று பதிவாகியிருக்கும். வங்கிக் கணக்கில் எந்த பில்லுக்கும் சேராத 480 மாதக் கடைசியில் நின்றிருக்கும். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக 750 நஷ்டம் என்று ரிப்போர்ட் வந்திருக்கும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கல்லா இடித்தால் சம்பளத்தில் பிடிக்கிற கடைகள் எத்தனையோ இருக்கின்றன. பணியாளரின் கவனக்குறைவால்தான் பணம் போனது என்றால் மட்டுமே பிடிக்கலாம், அதுவும் அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான் என்று 1936ஆம் வருடத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது. 2019இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஒரே காரணம், ஒரே தொகை என்று கேட்கிற திரையில் அவர் தரப்பு எங்கே வரும்? இத்தனை ரூபாய் இந்த பில்லால், இத்தனை இந்தச் சீட்டால் என்று வரி வரியாக எழுத இடம் வேண்டும். காரணம் தெரியாத தொகை மட்டும் கடைசியில் தெரியாதது என்றே நிற்க வேண்டும். இதை அவர்களிடம் பலமுறை கேட்டாகிவிட்டது. அடுத்த வெர்ஷன் என்கிறார்கள். அடுத்த வெர்ஷன் வந்தது, பட்டனின் நிறம் மாறியது.

நண்பருக்கு வேண்டாம் என்றே சொன்னேன். அவர் கடையில் இரண்டு ஷிப்ட், கல்லா கை மாறும். மதியமும் இரவும் இரண்டு தடவை இந்தத் திரையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வேறு எதைப் பார்த்தாலும், மூடிய நாளின் ரொக்க பில் ஒன்றை யுபிஐக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாற்றியவர் பெயர் பதிவாகிறதா பாருங்கள் என்றேன். நான் இந்த வருடச் சந்தாவைக் கட்டிவிட்டேன். என் கடையில் கல்லா ஒன்றுதான், மூடும்போது நானும் கூடவே நிற்கிறேன், அந்த `No Sale` பதிவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.