35 டாலர் விலையும் சந்தை விலையும்

1971 ஆகஸ்ட் 15 வரை, வெளிநாட்டு மத்திய வங்கிகள் கொண்டுவரும் டாலருக்கு ஈடாக ஓர் அவுன்சுக்கு 35 டாலர் என்ற கணக்கில் அமெரிக்கக் கருவூலம் தங்கம் தந்தது. அந்த ஏற்பாட்டில் தங்கத்தின் விலை என்பது உண்மையில் ஒரு வாக்குறுதியே. தேவை கூடினால் விலை ஏறாது, கையிருப்புதான் கரையும். 1961 முதல் லண்டன் சந்தையில் கூட்டாகத் தங்கம் விற்று விலையை அடக்கிவந்த மத்திய வங்கிகள், இழப்பைத் தாங்க இயலாமல் 1968 மார்ச்சில் கைவிட்டன. அதன்பின் தனியார் சந்தை விலை அசைந்தபோதும், அதிகாரபூர்வ விலை நங்கூரமாக நின்றதால் வெகுதூரம் விலகவில்லை.

அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்குத் தங்கம் தரும் அந்தச் சாளரத்தை மூடியபின், கையிருப்பு தாங்கிய அழுத்தம் முழுவதும் விலைமேல் வந்தது. பணவீக்கம், வட்டி விகிதம், போர் அச்சம் ஆகியவற்றை வாங்குவோரும் விற்போரும் எடைபோடுவதே விலையாயிற்று. 1980 ஜனவரியில் அது 850 டாலரைத் தொட்டு, பின் சரிந்தது. பழைய முறையின் எச்சமாக, அமெரிக்கக் கருவூலம் தன் தங்கத்தை 1973இல் நிர்ணயித்த 42.22 டாலர் மதிப்பிலேயே இன்றும் கணக்கில் வைத்திருக்கிறது. அந்த எண்ணுக்கு யாரும் தங்கம் விற்பதில்லை.