அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழில் நடத்துபவர்களுக்கு: "மெஷினை விற்று வாடகைக்கு எடுங்கள்" என்று ஒருவர் வந்தால்

எங்கள் பட்டறையில் ஆறு சிஎன்சி மெஷின்கள். புத்தக மதிப்பு 4 கோடி. போன வருடம் நடைமுறை மூலதனம் இல்லாமல் திண்டாடியபோது ஒரு நிதி ஆலோசகர் வந்தார். மெஷின்களை ஒரு லீஸ் கம்பெனிக்கு 6 கோடிக்கு விற்றுவிட்டு, மாதம் சுமார் 9.8 லட்சம் என்று ஐந்து வருட வாடகைக்கு நாமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். மெஷின் இடம் மாறாது, 2 கோடி லாபம் கணக்கில் வரும், கடன் என்று எதுவும் ஏறாது. இந்த மூன்றையும் ஒரே தாளில் அழகாக எழுதிக் காட்டினார். கமிஷன் ஒன்றரை சதவீதம், அதாவது 9 லட்சம்.

அந்த மெஷின்கள் இல்லாமல் எங்களுக்குத் தொழில் இல்லை. அதனால் ஐந்து வருடம் கழித்து 2.5 கோடி கொடுத்துத் திரும்ப வாங்கும் உரிமை வேண்டும் என்று நான்தான் கேட்டேன். "அதற்கென்ன சார், தனிக் கடிதமாக வாங்கித் தருகிறேன், மெயின் அக்ரிமெண்டில் வேண்டாம்" என்றார். ஏன் வேண்டாம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் லீஸ் கம்பெனியிடம் நேரடியாக உறுதிக் கடிதம் கேட்டார். அந்தத் தனிக் கடிதமும் சேர்ந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்துவிட்டு, "சார், இது விற்பனையே இல்லை" என்றார்.

அவர் விளக்கியது இது. ஒரு பட்டியலிட்ட நிறுவனம் எங்களில் 26 சதவீதப் பங்கு வைத்திருப்பதால் எங்களுக்கு இண்ட் ஏஎஸ் என்ற கணக்கியல் விதிகள் பொருந்தும். விற்றுத் திரும்ப வாடகைக்கு எடுப்பதைப் பற்றி, லீஸுக்கான விதியான இண்ட் ஏஎஸ் 116 முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: விற்பனை வருவாய்க்கான விதியான இண்ட் ஏஎஸ் 115 சொல்கிறபடி பொருளின் மேல் உள்ள கட்டுப்பாடு வாங்கியவரிடம் போய்விட்டதா? திரும்ப வாங்கும் உரிமை என் கையில் இருந்தால், லீஸ் கம்பெனி அந்த மெஷினைத் தன் இஷ்டப்படி வேறொருவருக்கு விற்க முடியாது. நான் அந்த உரிமையைப் பயன்படுத்துவேனா இல்லையா என்பது கூட முக்கியம் இல்லை. ஒரே நேரத்தில் ஒரே நோக்கத்தோடு போட்ட காகிதங்களை ஒன்றாகத்தான் படிக்க வேண்டும், அதனால் தனிக் கடிதம் என்பது ஒளிவிடமும் இல்லை.

விற்பனை இல்லை என்றால் மெஷின்கள் அதே 4 கோடியில் எங்கள் புத்தகத்திலேயே இருக்கும், தேய்மானமும் தொடரும். வந்த 6 கோடி முழுக்கக் கடன். மாத வாடகை என்று நாங்கள் கட்டுவது வட்டியும் அசலும். லாபம் ஒரு ரூபாய் கூட இல்லை.

எங்களுக்கு ஏற்கெனவே 5 கோடி வங்கிக் கடன், சொந்த நிதி 5 கோடி. கடன் சொந்த நிதியைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது வங்கியின் நிபந்தனை. இப்போது கடன் 11 கோடி. வங்கி வட்டியை அரை சதவீதம் ஏற்றிவிட்டது.

சரி, அந்தக் கடிதமே இல்லாமல் உண்மையான விற்பனையாக இருந்திருந்தால் ஆலோசகர் சொன்னது நடந்திருக்குமா? அதுவும் இல்லை என்பதுதான் எனக்கு அதிக கோபம். 6 கோடிதான் சந்தை விலை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருட வாடகையின் இன்றைய மதிப்பு 4.5 கோடி. அதாவது அந்த மெஷின்களின் மதிப்பில் முக்கால் பங்கை நாங்களே பயன்படுத்தப் போகிறோம், கால் பங்கைத்தான் உண்மையில் விற்றிருக்கிறோம். அதனால் 2 கோடியில் கால் பங்கு, 50 லட்சம் மட்டுமே லாபம். புத்தக மதிப்பில் முக்கால் பங்கான 3 கோடி பயன்பாட்டு உரிமைச் சொத்தாக நிற்கும். 4.5 கோடி லீஸ் பொறுப்பாகக் கணக்கில் ஏறும். கடனே ஏறாது என்ற பேச்சுக்கு எந்த வழியிலும் இடம் இல்லை. வங்கி நிபந்தனைக்குள் மட்டும் இருந்திருப்போம்.

இண்ட் ஏஎஸ் பொருந்தாத சின்ன கம்பெனிகளுக்கு லீஸ் பற்றிய பழைய விதியான ஏஎஸ் 19. அதில் விதி வேறு. ஆனால் அங்கேயும், சொத்தின் லாப நஷ்டம் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவரிடமே இருக்கிற நிதி லீஸ் என்று அது ஆகிவிட்டால் புத்தக மதிப்புக்கு மேல் வந்த தொகையை லாபமாக உடனே காட்ட முடியாது, லீஸ் காலம் முழுக்கப் பரப்பித்தான் காட்ட வேண்டும்.

கமிஷனைத் திரும்பக் கேட்டதற்கு, "கணக்கு எழுதுவது உங்கள் ஆடிட்டர் பொறுப்பு" என்று பதில் வந்தது. அதே தாளோடு அவர் இப்போது திருமுடிவாக்கம் பக்கம் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களிடம் வந்தால், முதல் நாள் பதிவுகளை, எந்தக் கணக்கில் பற்று எந்தக் கணக்கில் வரவு என்று, எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். எல்லாக் கடிதங்களோடும் அதை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிய பிறகு அக்ரிமெண்டில் கை வையுங்கள்.